கொடுத்த டிராயிங் திரும்பி வரவேண்டுமானால்

ஜான் ரிச்சர்ட் பிராடி என்ற அமெரிக்கர், வெயிலோ மழையோ எதுவானாலும் ஆண்டு முழுவதும் பசுந்தீவனம் வளர்க்கும் ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு வெப்பம் கடத்தாத பேனல்கள் தேவை. இந்தியாவிலேயே செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று கெமிக்கல் பிராசஸ் எக்விப்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தோடு பேச்சு நடந்தது. பேனல் சரியாக வரவேண்டும் என்பதற்காக டிராயிங், அளவுகள், தொழில்நுட்பக் குறிப்புகள் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. பேனல் வியாபாரம் கூடிவரவில்லை. கொஞ்ச காலம் கழித்து, அந்த நிறுவனமே தீவன இயந்திரம் செய்கிறது என்ற செய்தி வந்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நம்பிக் கொடுத்த தகவலை, கொடுத்த நோக்கத்தைத் தாண்டிப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி 1987-ல் நீதிமன்றம் தடை விதித்தது. ரகசியம் காக்கவேண்டும் என்று தனி விதி எழுதப்படாத இடத்திலும் அந்தக் கடமை உண்டு என்ற கொள்கையையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பை அந்தக் கொள்கைக்காகப் படிப்பார்கள். தொழில் நடத்துகிறவர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. பேச்சு முறிந்த நாளுக்கும் டிராயிங் வேறு வேலைக்குப் போன நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்திருக்கும். கூட்டு வேலை முடிந்த எல்லா இடத்திலும் அந்த இடைவெளி உண்டு. "நாங்கள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அழித்துவிட்டு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கவேண்டிய நேரம் அதுதான். பெரும்பாலான சிறு நிறுவனங்கள் அப்போது பாக்கிப் பணத்தைக் கேட்கின்றன, காகிதத்தைக் கேட்பதில்லை.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024-ல் தன் 289-வது அறிக்கையில் ஒரு மசோதா வரைவைக் கொடுத்தது. அது சட்டமாகும் வரை நமக்கிருக்கும் துணை 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், பிராடி வழக்கைப் போன்ற தீர்ப்புகளும், நாமே எழுதி வைத்த ஒப்பந்தமும்தான். அதனால் என்ன எழுதியிருக்கிறோம், எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதற்கெல்லாம் இங்கே எடை அதிகம்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் நீர்மூழ்கி பம்ப் செய்யும் ஒரு நிறுவனம். ஓசூரில் கன்ட்ரோலர் செய்யும் இன்னொரு நிறுவனம். இரண்டும் சேர்ந்து சோலார் பம்ப் ஒன்றை உருவாக்க ஒப்பந்தம் போட்டன. ரகசியம் காக்கும் ஒப்பந்தமும், அதாவது எல்லோரும் என்டிஏ என்று சொல்வதும், கையெழுத்தானது. ஒன்றரை ஆண்டு வேலை நடந்தது. எதிர்பார்த்த டெண்டர் கிடைக்காததால் மார்ச் 31-ல் திட்டத்தை நிறுத்திக்கொள்வதென்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சண்டை எதுவும் இல்லை. ஆனால் இம்பெல்லரின் முப்பரிமாண ஃபைல், மோட்டார் வைண்டிங் டேட்டா, டெஸ்ட் பெஞ்ச் அளவுகள், வார்ப்படங்கள் வாங்கும் விலைப்பட்டியல், இரண்டு மாதிரி பம்புகள் எல்லாம் ஓசூரில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டிய வரி

கோவை நிறுவனம் முதலில் செய்யவேண்டியது, கையெழுத்துப் போட்ட நாளோடு அலமாரிக்குள் போன அந்த என்டிஏவை எடுத்துப் படிப்பது. திருப்பித் தருவது பற்றிய விதி அநேகமாக எல்லா என்டிஏவிலும் இருக்கும். அது இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒப்பந்தம் முடிந்ததுமே தானாகத் திருப்பித் தரவேண்டும் என்றிருக்கும். மற்றவற்றில், கொடுத்தவர் எழுத்துமூலம் கேட்டால் இத்தனை நாளுக்குள் தரவேண்டும் என்றிருக்கும். இந்த இரண்டாவது வகையில், கேட்காவிட்டால் மற்றவருக்குத் திருப்பித் தரும் கடமையே தொடங்குவதில்லை. மூன்று ஆண்டு கழித்து "ஏன் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டால், "நீங்கள் கேட்கவே இல்லையே" என்பது சரியான பதிலாகிவிடும். நம் உதாரணத்தில் விதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: எழுத்துமூலம் கேட்ட 30 நாளுக்குள், திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும். எது என்பதைக் கொடுத்தவர் முடிவு செய்யலாம்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். முடிவு செய்யும் உரிமை வாங்கியவரிடம் இருந்தால், நாம் திருப்பிக் கேட்டாலும் அவர் "அழித்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

எது ரகசியம் என்ற வரையறையையும் அப்போதே படித்துவிட வேண்டும். முத்திரை குத்திய காகிதம் மட்டுமே ரகசியம் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. வாய்மொழியாகச் சொன்னதை குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் உறுதி செய்திருக்க வேண்டும் என்றும் சில சொல்கின்றன. வைண்டிங் டேட்டாவில் முத்திரை இருக்கிறதா? விலைப்பட்டியலில்? முத்திரை இல்லையென்றால் ஒப்பந்தத்தின் பலத்தில் அதைக் கேட்பது கடினம். ஆனாலும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பிராடி வழக்கின் கொள்கை அந்த இடத்தில்தான் கைகொடுக்கும். கடிதத்தில் இவற்றைத் தனித் தலைப்பில் வைத்துவிட்டால் போதும். முத்திரை இருந்த பொருள்களின் மீதுள்ள உறுதியான உரிமை அப்போது குழம்பாது.

கொடுத்ததன் பட்டியல்

இந்த வேலையில் ஆகும் நேரத்தில் முக்கால் பங்கு பட்டியல் போடுவதில்தான் போகவேண்டும் என்பது என் எண்ணம். "எங்கள் ரகசிய ஆவணங்கள் அனைத்தையும் அழித்துவிடவும்" என்று ஒற்றை வரியில் எழுதினால், "அனைத்தையும் அழித்துவிட்டோம்" என்று ஒற்றை வரியில்தான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. இம்பெல்லர் ஃபைல் அந்த "அனைத்தில்" இருந்ததா என்று யாருக்குத் தெரியும்?

கோவை நிறுவனம், கொடுத்த பொருளின் பெயரைவிடக் கொடுத்த வழியைப் பிடித்துக்கொண்டு பட்டியல் போடுவது நல்லது. மின்னஞ்சலில் போனவை எளிது. ஓசூர் முகவரிகளைப் போட்டுத் தேடினால் இணைப்புகள் எல்லாம் தேதியோடு வந்துவிடும். கூகுள் டிரைவ் கோப்புறையில் பகிர்ந்தவை அடுத்தது. இங்கே பலரும் செய்வது, பகிர்வு அனுமதியை எடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுவது. அனுமதியை எடுத்தால் இனிமேல் திறப்பது மட்டுமே நிற்கும். முன்பே டவுன்லோடு செய்துகொண்ட நகல் அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும். அதனால் அனுமதியை எடுப்பதற்கு முன், யார் யாருக்குப் பகிர்ந்திருந்தோம் என்ற திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கணக்கின் சில பதிப்புகளில், யார் டவுன்லோடு செய்தார்கள் என்ற பதிவும் நிர்வாகி பக்கத்தில் கிடைக்கும். அது ஆறு மாதம் வரைதான் இருக்கும் என்பதால் தாமதித்தால் போய்விடும்.

வாட்ஸ்அப் குழு பெரிய தலைவலி. தறியோ பம்ப்போ எந்தத் தொழிலானாலும், அவசரத்தில் டிராயிங்கைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது நம் ஊரில் பழகிப்போன விஷயம். குழுவில் எட்டுப் பேர் இருந்தால் எட்டு போன்களின் கேலரிக்கும் அது போயிருக்கலாம். குழுவைக் கலைத்தாலும் படம் கேலரியில் நிற்கும். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தால் படமும் அவரோடு போயிருக்கும். குழுவில் இருந்தவர்களின் பட்டியலைக் கலைப்பதற்கு முன்பே எழுதி வைப்பது இதற்காகத்தான்.

அப்புறம் பென் டிரைவில் கொடுத்தது, ஃபேக்டரிக்கு வந்தபோது பிரின்ட் எடுத்துக் கொடுத்தது. இவற்றுக்கு டெலிவரி சலான் போட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டங்களில் இருந்த எஞ்சினியர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதவேண்டியதுதான்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அடையாளம் எடுத்து வைப்பது நல்லது. விண்டோஸ் கணினியில் இந்தக் கட்டளை போதும்:

```
certutil -hashfile impeller_v7.step SHA256
```

இதைக் கொடுத்தால் நீளமான ஓர் எழுத்து வரிசை வரும். ஃபைலின் கைரேகை என்று சொல்லலாம். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை மாறிவிடும். இதே கைரேகையோடு ஒரு ஃபைல் பின்னால் எங்காவது கிடைத்தால், அது நாம் கொடுத்த அதே ஃபைல்தான் என்று காட்டலாம். 2023-ன் பாரதிய சாக்ஷிய அதினியம், மின்னணு ஆதாரத்தோடு தரவேண்டிய சான்றிதழில் இந்த வரிசையையே கேட்கிறது. இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றிச் சேமித்திருந்தால் வரிசை வேறாகிவிடும். வரிசை பொருந்தவில்லை என்பதால் நகல் இல்லை என்று ஆகிவிடாது.

கடிதம்

ஏப்ரல் 10-ல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கென்று ஒரு முகவரியும் வழியும் எழுதியிருக்கும். அந்த வழியில்தான் அனுப்பவேண்டும். தினமும் பேசிய எஞ்சினியருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னது அறிவிப்பாகாது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், பழைய ஒப்பந்தத்தில் பதிவுத் தபால் என்றிருந்தால் இப்போது பதிவு வசதியோடு கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அதே நாளில் மின்னஞ்சலிலும் போடலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"நம் கூட்டுத் திட்டம் மார்ச் 31-ல் நிறைவடைந்தது. ஒன்றரை ஆண்டு ஒத்துழைப்புக்கு நன்றி. தங்களிடமிருந்து நாங்கள் பெற்ற சர்க்யூட் டிராயிங்குகளையும் மென்பொருள் நகல்களையும் இணைப்பு 'அ'-வில் பட்டியலிட்டுள்ளோம். காகிதப் பிரதிகளை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். மின்னணுப் பிரதிகளை அழித்ததற்கான சான்றும் உடன் உள்ளது. நாங்கள் தங்களுக்குக் கொடுத்தவை இணைப்பு 'ஆ'-வில் உள்ளன. ஒப்பந்தத்தின் 9-வது விதிப்படி, வரிசை 1 முதல் 6 வரையுள்ள காகிதங்களையும் இரண்டு மாதிரி பம்புகளையும் திருப்பி அனுப்பவும், வரிசை 7 முதல் 31 வரையுள்ள மின்னணு ஃபைல்களை அழிக்கவும் வேண்டுகிறோம். தாங்கள் யாரிடமாவது இவற்றைக் கொடுத்திருந்தால் அவர்களிடமிருந்தும் பெற்று, மே 10-க்குள் இணைப்பு 'இ'-யில் உள்ள படிவத்தைத் தங்கள் இயக்குநர் கையெழுத்துடன் அனுப்பவும்."

முதலில் அவர்களுடையதைத் திருப்பிக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான என்டிஏக்கள் இருபக்கக் கடமை உள்ளவை. நம் அலமாரியில் அவர்கள் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு அவர்களிடம் கேட்டால், கடிதம் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும். நாம் முடித்துவிட்டுக் கேட்டால், இது நடைமுறை என்பது சொல்லாமலே புரிந்துவிடும். நாளைக்கு இன்னொரு டெண்டரில் அதே ஓசூர்க்காரர்களோடு சேரவேண்டி வரலாம்.

"யாரிடமாவது கொடுத்திருந்தால்" என்ற வரியும் வெறும் சம்பிரதாயம் இல்லை. இயந்திரத் தொழிலில் டிராயிங் ஓரிடத்தில் நிற்பதில்லை. பேட்டர்ன் செய்கிறவர், டை அடிக்கிறவர், வெளியே வைண்டிங் போடுகிறவர் என்று கை மாறிக்கொண்டே போகும். பேட்டர்னும் ஒரு விதத்தில் ரகசிய ஆவணம்தான். மரத்தில் செதுக்கிய இம்பெல்லர் வடிவம் ஒரு பட்டறையில் கிடந்தால், டிராயிங்கை அழித்து என்ன பயன்? அதனால் மாதிரிகள், பேட்டர்ன்கள், அச்சுகள் ஆகியவற்றையும் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும்.

பதிலை எப்படிப் படிப்பது

அடுத்த நாளே போன் வருகிறது. "அதெல்லாம் அப்பவே டெலீட் பண்ணியாச்சுங்க சார், ஒண்ணும் இல்லை." இந்தப் பதில் மனதுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் நம்பக்கூடியது அல்ல. 31 வரிசைகளை, ஐந்தாறு கணினிகளிலும் எட்டு போன்களிலும் தேடிப் பார்த்தவர் ஒரே நாளில் இப்படிச் சொல்ல மாட்டார். "ரொம்ப சந்தோஷம்ங்க, அந்தப் படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதே முறை.

நன்றாகத் தேடியவரின் பதிலில் விதிவிலக்குகள் இருக்கும். "இதை அழிக்க முடியவில்லை, காரணம் இது" என்று இரண்டு மூன்று வரி இருந்தால் அவர் உண்மையில் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த விதிவிலக்குகளில் சிலவற்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களையும் அதற்கான ரசீதுகளையும் எட்டு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. எனவே பில்லையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். பர்ச்சேஸ் ஆர்டரோடு டிராயிங்கை இணைத்து வைத்திருந்தால்? ஆர்டர் இருக்கட்டும், டிராயிங்கைப் பிரித்துவிடுங்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

பேக்கப் இன்னொரு நியாயமான விதிவிலக்கு. கம்பெனி சர்வர் இரவு தோறும் தானாக நகல் எடுக்கும். அந்த நகலுக்குள் இருந்து 25 ஃபைலை மட்டும் பிடுங்கி எடுப்பது பல அமைப்புகளில் நடைமுறைக்கு ஒத்துவராது. இங்கே கேட்கவேண்டியது மூன்று: அந்த பேக்கப் எத்தனை நாளில் மேலெழுதப்படும், அதுவரை யாரும் அதைத் திறக்கமாட்டார்கள் என்ற உறுதி, பேக்கப்பில் இருக்கும் வரை ரகசியக் கடமை தொடரும் என்ற ஒப்புதல். மூன்றாவதை மறக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் ரகசியக் காலம் மூன்று ஆண்டு, பேக்கப் டேப் ஐந்து ஆண்டு என்றிருந்தால் கடைசி இரண்டு ஆண்டு அந்த ஃபைலுக்குக் காவல் இல்லாமல் போய்விடும்.

சிக்கலானது, நம் தகவலும் அவர்கள் உழைப்பும் கலந்துபோன இடம். நாம் கொடுத்த வைண்டிங் டேட்டாவின் எண்களை அவர்களுடைய எஞ்சினியர் கன்ட்ரோலர் மென்பொருளில் ஓர் அட்டவணையாகப் போட்டிருப்பார். மென்பொருள் அவர்களுடையது, எண்கள் நம்முடையவை. அதைத் திருப்பிக் கேட்க முடியாது, கேட்டால் அவர்கள் ரகசியத்தை நாம் கேட்டதாகிவிடும். அந்த அட்டவணையை நீக்கிய பதிப்பு எது என்று பதிப்பு எண்ணோடு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். இருவரும் சேர்ந்து தயாரித்த டெஸ்ட் அறிக்கைகளை அழிக்கச் சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்காது. எஞ்சினியரின் தலைக்குள் இருப்பதையும் அழிக்க முடியாது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற கடமை மட்டுமே அங்கே செல்லும். ஞாபகத்தில் தங்கியதைப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி ஒளிந்திருந்தால் அதுவும் செல்லாது. கையெழுத்துப் போடும் முன் தேடிப் பார்த்து நீக்கச் சொல்லவேண்டிய விதி அது.

எப்படி அழித்தார்கள் என்பதற்கு அளவுகோல் உண்டு. காகிதத்தைக் கிழிக்கும் இயந்திரங்களுக்கு ஐஎஸ்ஓ 21964 என்ற தரம் இருக்கிறது. அதில் பி-4 என்பது ஒவ்வொரு துண்டும் 160 சதுர மில்லிமீட்டருக்குள் இருப்பது. டிராயிங்குக்கு அது போதும். நீளநீளமான பட்டையாகக் கிழிக்கும் மலிவான இயந்திரத்தில் போட்டால் பொறுமையுள்ளவர் ஒட்டி எடுத்துவிடலாம். கணினியில் டெலீட் செய்வது குப்பைத் தொட்டிக்குப் போவதுதான். கூகுள் டிரைவில் அது 30 நாள் வரை மீட்கக்கூடியதாகவே கிடக்கும். ஆகவே படிவத்தில் "குப்பைத் தொட்டியும் காலி செய்யப்பட்டது" என்ற வரி இருக்கவேண்டும். தேதி, செய்தவர் பெயர், எந்தெந்த இடத்தில் தேடினார்கள், எது மிஞ்சியது, ஏன் என்பவையும் வேண்டும்.

அழிக்கச் சொல்லக் கூடாத நேரம்

இதுவரை சொன்னதெல்லாம் சுமுகமாகப் பிரிந்தவர்களுக்கு. நம் இம்பெல்லரைப் போலவே ஒரு பம்ப் சந்தைக்கு வந்திருக்கிறது, ஓசூர் நிறுவனம் வேறொரு பம்ப் கம்பெனியோடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அந்த நேரத்தில் பதற்றப்பட்டு "உடனே எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று கடிதம் போட்டால், நம் வழக்குக்கான ஆதாரத்தை நாமே அழிக்கச் சொன்னதாகிவிடும். எந்த ஃபைலை எப்போது திறந்தார்கள், யாருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அவர்கள் கணினியில்தான் இருக்கிறது. நாளைக்கு நீதிமன்றத்தில் "ஏன் அழித்தீர்கள்?" என்று கேட்டால் நம் கடிதத்தையே எடுத்து நீட்டுவார்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் கடிதத்தின் வாசகம் மாறவேண்டும். காகிதங்களையும் மாதிரிகளையும் திருப்பித் தாருங்கள், பயன்படுத்துவதை நிறுத்துங்கள், மின்னணுப் பதிவுகள் எதையும் அழிக்காமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள் என்று கேட்கவேண்டும். அதை ஒரு வழக்கறிஞர் வழியாக அனுப்புவது நல்லது. நீதிமன்றம் மூலம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கச் செய்யவும் வழி உண்டு. ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்றிருந்தால், மத்தியஸ்தர் வருவதற்கு முன்பே இடைக்காலத் தடை கேட்டு 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவில் நீதிமன்றம் போகலாம். மத்தியஸ்த விதி இல்லாமல் வணிக நீதிமன்றம் போவதானால், அவசர நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அவசரம் என்று காட்டவேண்டுமானால் தெரிந்த உடனே போயிருக்க வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்றால் நீதிபதி கேட்பார்.

பதிலே வராமல் மே 10 கடந்துவிட்டால்? ஒரு வாரத்துக்குள், முதல் கடிதத்தின் தேதியையும் விதியையும் குறிப்பிட்டு, இம்முறை இயக்குநருக்கே நேரடியாக இரண்டாவது கடிதம் போகவேண்டும். ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் அவகாசம். 30 நாள் கெடு முடிந்து, ஓசூரிலிருந்து எதுவும் திரும்பி வராத மே 11 அன்று அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.